சும்மா ஒரு கையெழுத்து: பிணை என்னும் சொல்லுக்குள் இருந்த மூன்று வாக்குறுதிகள்

நீண்ட பதிவு. ஓய்வான நேரத்தில் வாசியுங்கள்.

புணேயில் நான் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே ஒரு தமிழர் இட்லிக் கடை வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுப் பழக்கம். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சென்ற மாதம் ஒரு மாலை கடையைக் கட்டிக்கொண்டிருந்தவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "தம்பி, பதசம்ஸ்தாவுல ரெண்டு லட்சம் லோன் போட்டிருக்கேன். ஒரு ஜாமீன் கையெழுத்து கொறையுது. சும்மா ஒரு கையெழுத்துதான். என்னைத் தெரியும்னு சொன்னா போதும்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே அந்த வேண்டுகோளை மாற்றினார். உதவித்தொகை வாங்கும் ஆய்வு மாணவரின் பிணை செல்லாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். "அப்ப வேற வழி இருக்கு. உன் ஆதார், பான் மட்டும் குடு. உன் பேர்ல ஸ்கூட்டர் எடுத்துக்கறேன். தவணை மாசாமாசம் நான் கட்டிடறேன்." கொரோனாக் காலத்தில் கடை மூடிக் கிடந்தபோது சில தவணைகளைத் தவறவிட்டதால் அவருடைய சிபில் மதிப்பெண் விழுந்துவிட்டது. பாத்திரங்களைக் கொண்டுபோக வண்டி தேவை. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அதனால்தான் விடை சொல்வது கடினமாக இருந்தது.

"என்னைத் தெரியும்னு சொன்னா போதும்" என்ற சொற்றொடரை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது என் தந்தை ஓர் அலுவலக நண்பருக்குப் பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஜாமீன் நின்றார். நண்பர் பணியைவிட்டு எங்கோ போய்விட்டார். பிணை நின்ற இன்னொருவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். மீதி இருந்த 64,000 ரூபாய் வட்டியோடு 72,000 ஆயிற்று. மாதம் 1,500 வீதம் 48 மாதங்கள் என் தந்தையின் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் வீட்டில் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார்: "அவனுக்கு நான் கடன் வாங்கித் தரல. அவனைத் தெரியும்னுதான் சொன்னேன்."

மொழியியல் படித்த பிறகு அந்த வாக்கியத்தை வேறு விதமாகக் கேட்கிறேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. தாம் செய்ததாக அவர் நினைத்த செயலும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்த செயலும் வேறு வேறு. இந்தியாவின் பழைய சட்ட மொழிகளில் அவ்விரு செயல்களுக்கும் வேறு வேறு பெயர்கள் இருந்தன. அப்பெயர்கள் எப்படி ஒன்றாயின என்பதே இப்பதிவின் பொருள்.

பிணைக்காரரைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் பிரதிபூ. ஒருவருக்கு ஈடாக ஆகி நிற்பவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் வழக்கியல் பகுதி பிணையை மூன்றாகப் பிரிக்கிறது: தரிசனப் பிணை, பிரத்யயப் பிணை, தானப் பிணை. தமிழில் முன்னிலைப் பிணை, நம்பிக்கைப் பிணை, பணப் பிணை என்று சொல்லிக்கொள்வோம். (இந்த ஸ்மிருதிகள் கடன்பட்டவரின் வருணத்துக்கேற்ப வட்டியைக் கூட்டியும் குறைத்தும் வைத்தவை. அவற்றைப் போற்றுவதற்காக இங்கே எடுக்கவில்லை. ஒரு சொல் எப்படிப் பிரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகவே எடுக்கிறேன்.)

முன்னிலைப் பிணை நிற்பவர், கடன்காரரைக் குறித்த நாளில் கொண்டுவந்து நிறுத்துவதாக வாக்களிக்கிறார். ஆள் வந்து நின்றுவிட்டால் இவர் கடமை தீர்ந்தது. ஆள் தலைமறைவானால் தேடிப் பிடிக்க அவகாசம் உண்டு. ஸ்மிருதி மரபு அதற்கு மூன்று பட்சம், அதாவது ஆறு வாரங்கள் வரை தருகிறது. அப்படியும் கொண்டுவர முடியாவிட்டால்தான் பணம் இவர் தலையில் விழும்.

நம்பிக்கைப் பிணை நிற்பவர் கடன்காரரைப் பற்றிச் சாட்சி சொல்பவர். இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாணில், சாளுக்கிய அரசன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர் தம்முடைய மிதாட்சர உரையில் இதை ஒரு பேச்சாகவே அமைத்துக் காட்டுகிறார். என்னை நம்பி இவனுக்குக் கொடு, இவன் ஏமாற்றமாட்டான், இவன் இன்னாருடைய மகன், விளையும் நிலம் இருக்கிறது, நல்ல ஊர் இருக்கிறது என்று பிணை நிற்பவர் சொல்வதாக அவ்வுரை விளக்குகிறது. இங்கே வாக்குறுதியின் பொருள் பணமன்று, செய்தி. அந்தச் செய்தி பொய்த்தால் இவர் கொடுக்க வேண்டும்.

பணப் பிணை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அவன் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்பதே அதன் முழு உள்ளடக்கம். கடன்காரர் நல்லவரா கெட்டவரா, நிலம் இருக்கிறதா இல்லையா, ஊரில் இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் அங்கே பொருட்டல்ல. சொன்ன சொல் அனைத்தும் மெய்யாகவே இருந்தாலும், பணம் வரவில்லையென்றால் இவர் கொடுக்க வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் வகைப்பாடாக நிற்கவில்லை. அடுத்த தலைமுறைவரை அதற்கு விளைவு இருந்தது. முதல் இரண்டு வகைப் பிணைகளில் பொறுப்பு நின்றவரோடு முடிந்தது, அவர் மகன்மேல் ஏறாது. பணப் பிணையில் மட்டும் மகனும் கட்டுப்பட்டான். மனு ஸ்மிருதியும் இதே கோட்டைத்தான் போடுகிறது. தந்தை பிணை நின்ற கடனைச் சூதாட்டக் கடனோடும் குடிக் கடனோடும் ஒரே வரிசையில் வைத்து, இவற்றை மகன் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. அடுத்த சுலோகத்திலேயே, இது முன்னிலைப் பிணைக்குத்தான், பணப் பிணையானால் வாரிசுகளும் கொடுக்க வேண்டும் என்று வரம்பு கட்டுகிறது. ஆகவே ஒருவர் பிணை நிற்கும்போது எந்தச் சொல்லை உச்சரித்தார் என்பது அவர் வீட்டின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானித்தது.

யாக்ஞவல்கியத்தில் இன்னும் இரண்டு விதிகள் என் கவனத்தை ஈர்த்தன. பிணைக்காரர்கள் பலரானால் அவரவர் பங்கைக் கொடுத்தால் போதும். ஆனால் அவர்கள் தனித்தனியே முழுப் பொறுப்பையும் ஏற்றிருந்தால், கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் வாங்கலாம். இந்த இரண்டாம் நிலையைக் குறிக்க அந்நூல் ஆளும் தொடரின் நேர்ப்பொருள் ஒரே நிழலில் நிற்றல். இன்னொரு விதி: பலரறியப் பிணைக்காரரிடம் பணம் வசூலிக்கப்பட்டால், கடன்காரர் அவருக்கு இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். பணத்தோடு மானமும் போயிற்று என்பதை அச்சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது போலும்.

நூற்றாண்டுகள் கழிந்து ஆட்சிமொழி பாரசீகமானபோது சொற்கள் மாறின, பிரிவுகள் மாறவில்லை. ஜாமீன் என்று நாம் வழங்கும் சொல் அரபியின் ளாமின் என்பதிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குத் தன்னுள் அடக்கிக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. அரபியில் அது ஆளைக் குறிக்கும் சொல், பொறுப்பைத் தன்னுள் ஏற்றவர் என்று பொருள்படும். தமிழுக்கு வந்தபோது அது செயலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதனால்தான் ஆளைச் சொல்ல நாம் ஜாமீன்தாரர் என்று இன்னொரு விகுதியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இந்திய வருவாய்த்துறையிலும் நீதித்துறையிலும் வழங்கிய சொற்களைத் தொகுத்து வில்சன் 1855இல் வெளியிட்ட சொற்கோவையில் மூன்று ஜாமீன்கள் உள்ளன. ஹாஜிர் ஜாமீன் என்பவர் ஆளை முன்னிறுத்தப் பொறுப்பேற்றவர். ஃபேல் ஜாமீன் என்பவர் ஒருவருடைய நன்னடத்தைக்குப் பொறுப்பேற்றவர். மால் ஜாமீன் என்பவர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர். தரிசனம், பிரத்யயம், தானம் என்ற மூன்றோடு இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். நடுவில் உள்ளது சற்றே விலகி நிற்கிறது: ஒன்று ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறது, மற்றொன்று எப்படி நடந்துகொள்வார் என்று சொல்கிறது. ஆனால் பணத்தையும் ஆளையும் குணத்தையும் தனித்தனி வாக்குறுதிகளாகக் காணும் பார்வை ஒன்றுதான்.

ஃபேல் ஜாமீன் காகிதத்தில் மட்டும் வாழ்ந்த சொல் அன்று. 1807இல் கர்னல் வாக்கர் கத்தியவாரின் சிற்றரசர்களிடம் உடன்படிக்கை செய்தபோது, அமைதியைக் காப்பதாக அவர்களிடமிருந்து ஃபேல் ஜாமீன் பத்திரங்களையும் வாங்கினார். அந்நாட்டில் பிணை நிற்பதையே தொழிலாகக் கொண்ட சமூகத்தார் இருந்தனர். அவர்கள் பாட்டுகளும் சாரணர்களும். அரசர்களின் குலவரலாறு பாடுவோர் அவர்கள். கடனுக்கும் வரிக்கும் உடன்படிக்கைக்கும் அவர்கள் பிணை நின்றார்கள், அதற்குக் கூலியும் பெற்றார்கள்.

அவர்களிடம் பெருஞ்செல்வம் இருந்ததால் யாரும் அவர்களை நம்பவில்லை. கடன்காரர் வாக்குத் தவறினால் பாட்டு அவருடைய வாசலுக்குச் சென்று தம் உடலைக் கத்தியால் கீறிக்கொள்வார். கொடிய தருணங்களில் தம் குடும்பத்து முதியவர் ஒருவரின் உயிரையே அங்கே பலியிட்டதும் உண்டு. அந்த இரத்தப் பழி வாக்குத் தவறியவரின் குலத்தைச் சேரும் என்பது நம்பிக்கை. இதற்குத் திராகா என்று பெயர். குஜராத்தின் வரலாற்றையும் வழக்காறுகளையும் தொகுத்து ஃபோர்ப்ஸ் 1856இல் வெளியிட்ட ராஸ் மாலாவில் இவ்வழக்கம் விரிவாகப் பதிவாகியுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 508ஆம் பிரிவு, தெய்வ சினத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பதைக் குற்றமாக்கியது. நீ இதைச் செய்யாவிட்டால் என் பிள்ளையைக் கொன்று பழியை உன்மேல் போடுவேன் என்று ஒருவர் மிரட்டுவதை அப்பிரிவே எடுத்துக்காட்டாகத் தந்தது. திராகாவை அறிந்தவர்களுக்கு அந்த எடுத்துக்காட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்பது விளங்கும்.

இந்த வழக்கம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அதன் திசையைக் கவனியுங்கள். பாட்டின் பிணையில் அச்சம் கடன்காரரை நோக்கிப் பாய்ந்தது. பிணை நின்றவர் கடன்காரரின் வாசலுக்குப் போனார். என் தந்தையின் கதையில் சங்கத்தின் அறிவிப்பு எங்கள் வாசலுக்கு வந்தது.

திசை திரும்பிய இடத்தைத் தேதியோடு காட்டலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிணையை 126ஆம் பிரிவில் வரையறுக்கிறது. மூன்றாமவர் தவறினால் அவருடைய வாக்குறுதியை நிறைவேற்றுவதாக, அல்லது அவருடைய கடப்பாட்டைத் தீர்ப்பதாகச் செய்யும் ஒப்பந்தமே பிணை. கடனைப் பொறுத்தவரை இது பழைய பணப் பிணைதான். முன்னிலைப் பிணை குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இன்று ஜாமீன் என்றதும் நம் மனத்தில் தோன்றும் சிறைக் கதவு அதன் எச்சம். நம்பிக்கைப் பிணைக்குக் கடன் பத்திரத்தில் இடமே இல்லாமல் போயிற்று. அது பேச்சுவழக்கில் மட்டும் தங்கிவிட்டது: "என்னைத் தெரியும்னு சொன்னா போதும்."

128ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், பிணைக்காரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமான பரப்புடையது என்கிறது. சமமான பரப்பு என்றால் தொகையில் மட்டும் சமமா, வரிசையிலும் சமமா? முதலில் கடன் வாங்கியவரைத் துரத்து, முடியாவிட்டால் என்னிடம் வா என்று பிணைக்காரர் கேட்க முடியுமா? பெரும்பாலோர் முடியும் என்றே நினைத்துக் கையெழுத்திடுகிறோம்.

இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1968இல் விடை சொன்னது. வழக்கின் பெயர் பேங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத். கடன் 1950களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அசல் சுமார் 11,700 ரூபாய், வட்டி சுமார் 2,700 ரூபாய். வங்கி கடன்காரர்மீதும் பிணைக்காரர்மீதும் சேர்த்தே வழக்குத் தொடுத்தது. விசாரணை நீதிமன்றம் இருவர்மீதும் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: கடன்காரரிடம் எல்லா வழிகளையும் முயன்று முடித்த பிறகே வங்கி பிணைக்காரரிடம் வரலாம். பாட்னா உயர் நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. நம் பொதுப்புத்திக்கு அந்த நிபந்தனை நியாயமாகவே படும்.

உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அதன் வாதம் எளியது. வங்கி பிணையை வாங்குவதே கடன்காரரைத் துரத்தி அலையாமல் இருப்பதற்குத்தான். முதலில் அலைந்துவிட்டு வா என்றால் பிணை எதற்கு? கடன்காரருக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது என்பதுகூடப் பிணைக்காரரைத் தப்பவிடக் காரணமாகாது. பணத்தைக் கட்டு, கட்டிய பிறகு வங்கியின் இடத்தில் நீ நின்று கடன்காரரிடம் வசூலித்துக்கொள் என்பதே விடை. வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் தவறு காண முடியாது. இதைத் தவறு என்று நான் சொல்லவும் இல்லை. பிணைக்காரர் இரண்டாவது வரிசையில் நிற்பவர் அல்லர், முதல் வரிசையிலேயே நிற்பவர் என்பதைக் கையெழுத்திடும்முன் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் பிணைக்காரருக்கு எதுவும் தரவில்லை என்பதும் சரியன்று. 145ஆம் பிரிவின்படி கட்டியதைக் கடன்காரரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை உண்டு. 146ஆம் பிரிவின்படி உடன் நின்ற பிணைக்காரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். என் தந்தை கட்டிய 72,000 ரூபாயில் 36,000 ஓய்வு பெற்ற அந்த நண்பரின் பங்கு. கடன் வாங்கியவரிடமோ முழுத் தொகையையும் கேட்டிருக்கலாம். பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இரண்டையும் அவர் செய்யவில்லை. முகவரி இல்லாதவர்மீது எப்படி வழக்குப் போடுவது? ஓய்வூதியத்தில் மகளுக்குத் திருமணம் செய்யவிருந்தவரிடம் எப்படிப் போய் 36,000 கேட்பது? சங்கத்துக்குச் சம்பளப் பிடித்தம் என்ற கருவி இருந்தது. அவருக்கு இருந்தவை ஒரு சட்டப் பிரிவும் ஒரு கூச்சமும்.

சங்கங்களின் கதையையும் ஒரு பத்தியில் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் குடும்பங்களில் பெரும்பாலான ஜாமீன் கையெழுத்துகள் அங்கேதான் விழுகின்றன. நிலமோ நகையோ இல்லாதவருக்கும் கடன் கிடைக்க வழியுண்டா என்று ஆராய்ந்து, சென்னை மாகாண அரசுக்காக ஃபிரடெரிக் நிக்கல்சன் 1890களில் இரண்டு தொகுதி அறிக்கை எழுதினார். ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். ஒருவரையொருவர் அறிந்த ஊர்க்காரர்கள் கூட்டாகப் பொறுப்பேற்பது அவற்றின் அடிப்படை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. ஈடு வைக்க எதுவுமில்லாதவரின் ஈடு, அவரை அறிந்த இரண்டு மனிதர்கள். நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடுதான் அது. நம்பிக்கைப் பிணையின் உணர்வை அடித்தளமாகக் கொண்டு, பணப் பிணையின் பத்திரத்தில் அது எழுதப்பட்டது. இன்று மகாராட்டிரத்தில் 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 101ஆம் பிரிவின்கீழ், பதிவாளர் வசூல் சான்றிதழ் வழங்கினால் நிலவரி பாக்கியைப் போலப் பணத்தை வசூலிக்கலாம். வழக்கமான உரிமையியல் வழக்கின் நீண்ட பாதையை அது சுருக்கிவிடுகிறது. பதசம்ஸ்தா என்ற மராத்திச் சொல்லின் முதற்பகுதியான பத் என்பதற்குக் கடன் பெறும் தகுதி என்றும் மனிதர் ஒருவரின் மதிப்பு என்றும் பொருள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

இனி அண்ணனின் இரண்டாவது வேண்டுகோள். ஆதாரும் பானும் கொடுத்து என் பெயரில் வண்டி எடுப்பது. பிணை நிற்பதைவிட இது சிறிய உதவி என்றே அவர் நினைத்தார். ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, இரண்டு நகல்களும் கைப்பேசிக்கு வரும் ஒரு கடவு எண்ணும் மட்டுமே.

ஆனால் மேலே சொன்ன மூன்று பிணைகளில் இது எதுவுமன்று. பிணையென்றால் மூவர் வேண்டும்: கொடுத்தவர், வாங்கியவர், இடையில் நிற்பவர். இங்கே தாளில் இருவர்தான் உண்டு, நிறுவனமும் நானும். வாங்கியவரே நான்தான். அண்ணன் அந்தத் தாளில் இல்லவே இல்லை. ஆகவே 145ஆம் பிரிவு தரும் உரிமைகூட எனக்கு நேரடியாகக் கிட்டாது. அவர் தவணையை நிறுத்தினால், அவர்தான் கட்டுவதாகச் சொன்னார் என்பதை நான் தனியாக மெய்ப்பிக்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு என்ன சான்று? கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் தாமதம் என் பெயரில் ஏறும். வண்டி விபத்தில் சிக்கினால் பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரைத் தேடித்தான் அறிவிப்பு வரும்.

இதற்கும் நம் மொழியில் ஒரு பழைய சொல் உண்டு: பினாமி. பாரசீகத்தில் பே என்பது இன்மை, நாம் என்பது பெயர். பெயரின்றி நடப்பது என்று பொருள். உண்மையான உடைமையாளரின் பெயர் தாளில் இல்லாத கொடுக்கல் வாங்கலை அது குறித்தது. தமிழ்ப் பேச்சு வழக்கில் அச்சொல் இடம் மாறிவிட்டது. பெயர் இல்லாதவரை விட்டுவிட்டு, பெயரைக் கொடுத்தவரையே நாம் பினாமி என்கிறோம். சொற்பிறப்பு நோக்கில் அது பிழை, அனுபவ நோக்கில் மிகச் சரி. சிக்கல் வரும்போது நிற்பவர் பெயர் கொடுத்தவர்தானே.

ஏற்கெனவே நகல்களைக் கொடுத்துவிட்டவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். நீங்கள் பிணை நின்ற கடன்களையும் அதில் தேடுங்கள். பிணை நின்றதை மறந்தே போனவர்கள் பலர், தங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் அதை நினைவுகூர்கிறார்கள். பிணைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னும் ஒன்றைப் பார்க்கலாம். 133ஆம் பிரிவின்படி, உங்கள் ஒப்புதலின்றிக் கடனின் நிபந்தனைகளை மாற்றினால் அதன் பிறகான நடவடிக்கைகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் அச்சிட்ட பத்திரங்களில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடி வாசியுங்கள். தொகைக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லிக் கேளுங்கள். சமமான பரப்பு என்ற விதி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரைதான்.

அண்ணனிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் போனேன். "அண்ணா, உங்களைத் தெரியும்னு யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன். ஆனா அவங்க கேக்கறது அது இல்ல" என்றேன். கையிருப்பிலிருந்து பழைய வண்டி ஒன்றுக்கு முன்பணமாக 15,000 ரூபாய் கைமாற்றாகத் தருவதாகவும், திரும்ப வராவிட்டாலும் என்னால் தாங்கக்கூடிய தொகை அவ்வளவுதான் என்றும் சொன்னேன். அவர் தட்டுகளைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "பரவால்ல தம்பி, படிக்கற புள்ளை, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் கடையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளாக நான் சாப்பிடுவதையெல்லாம் அதில்தான் எழுதிவந்தார். உதவித்தொகை மூன்று மாதம் தாமதமானபோதும் ஒரு சொல் கேட்டதில்லை. எந்தத் தாளும் கையெழுத்தும் இல்லாமல் அவர் எனக்குத் தந்திருந்த பத் அது. அன்று இட்லி சாப்பிட்டு எழுந்தபோது அவர் நோட்டை எடுக்கவில்லை. "நாப்பது ரூவா தம்பி" என்று கையை நீட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கையில் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.